நிலைச் சொத்துப் பதிவேடும் தேய்மானப் பதிவும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்று நூல் வாங்கினால் அது சில வாரங்களில் துணியாகி விற்றுப் பணமாகத் திரும்பிவிடுகிறது. உரம் வாங்கினால் ஒரு பருவத்திற்குள் அங்கத்தினர் கைக்குச் சென்றுவிடுகிறது. ஆனால், சங்கம் வாங்கும் பாவு ஓட்டும் இயந்திரமோ, சாயப்பட்டறைக் கொதிகலனோ, அறுவடை இயந்திரமோ அவ்வாறு ஒரே ஆண்டில் செலவாகிவிடுவதில்லை. பல ஆண்டுகள் உழைத்து, ஒவ்வோர் ஆண்டும் தன் மதிப்பில் ஒரு பகுதியை இழந்து, இறுதியில் பழைய இரும்பு விலைக்குப் போகிறது. இவ்வாறு கரைந்து போகும் பகுதியை அந்தந்த ஆண்டின் செலவாக எழுதுவதையே தேய்மானம் என்கிறோம்.

இதை எழுதாமல் விட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். சங்கத்தின் சேம நிதி, பங்கு ஈவு, நெசவாளருக்குத் தரும் போனஸ் யாவும் நிகர லாபத்திலிருந்தே பிரிக்கப்படுகின்றன. ஓர் ஆண்டுத் தேய்மானம் 45,000 ரூபாய் விடுபட்டால், நிகர லாபம் அந்த அளவுக்கு உயர்ந்து காணப்படும். அந்த உயர்வை நம்பிப் பங்கு ஈவும் போனஸும் வழங்கினால், அங்கத்தினர்கள் தம் இயந்திரத்தையே சிறிது சிறிதாக உடைத்துத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டவர்கள் ஆவார்கள். பத்தாம் ஆண்டு இயந்திரம் நின்றுவிடும். ஏட்டில் மட்டும் அது புதுக் கருக்கு மாறாமல் இருக்கும்.

இக்காலத்தில் பல சங்கங்கள் கணினியில் கணக்கு எழுதுகின்றன. தேய்மானமும் தானாகவே பேரேட்டில் ஏறிவிடுகிறது. எழுதும் வேலை குறைந்தது நன்மையே. எனினும், அது எங்கிருந்து எப்படி ஏறுகிறது என்பது தெரியாவிட்டால் தவறும் தானாகவே ஏறிவிடும். ஆகவே, ஒரே ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, அது பதிவேட்டில் நுழைவது முதல் விற்கப்படுவது வரையில் தொடர்ந்து பார்ப்போம்.

பதிவேட்டில் எழுதவேண்டியவை

ஒரு நெசவாளர் சங்கம் பாவு ஓட்டும் இயந்திரம் ஒன்றை வாங்குவதாகக் கொள்வோம். விலை 4,20,000 ரூபாய். லாரி வாடகை 12,000. அடித்தளம் போட 30,000. இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிக் காட்டிய கூலி 18,000. ஆக, அதன் அடக்க விலை 4,80,000 ரூபாய். இயந்திரத்தை வேலைக்கு ஆயத்தமாக்கும் வரையில் ஆகும் இச்செலவுகள் எல்லாம் அடக்க விலையில் சேரவேண்டியவை. வாடகையையும் கூலியையும் அந்த ஆண்டுச் செலவில் எழுதிவிடுவது பல இடங்களிலும் காணப்படும் பிழை. கொள்முதலின்போது செலுத்திய சரக்கு சேவை வரியைச் சங்கம் உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறுமானால், அத்தொகை அடக்க விலையில் சேரக்கூடாது. ஒரே வரித்தொகைக்கு ஒரு பக்கம் வரவும் மறு பக்கம் தேய்மானமும் கோர முடியாது. திரும்பப் பெற இயலாத வரியாக இருந்தால் அது விலையோடு சேரும்.

பதிவேட்டில் ஒவ்வொரு சொத்துக்கும் தனி எண் வேண்டும். அந்த எண்ணை இயந்திரத்தின்மீதும் வண்ணத்தால் எழுதிவைக்க வேண்டும். சொத்தின் வகை, வாங்கிய தேதி, பட்டியல் எண், அடக்க விலை, பயன்பாட்டுக்கு வந்த தேதி, எத்தனை ஆண்டு உழைக்கும், இறுதியில் என்ன விலைக்குப் போகும், எந்த முறையில் தேய்மானம், எங்கே நிற்கிறது என்பவை அடுத்துவரும் பத்திகள். நெசவாளர் சங்கங்களில் இந்தக் கடைசிப் பத்தி மிகவும் தேவை. சங்கத்தின் தறிகள் அங்கத்தினர் வீடுகளில் நிற்கின்றன. இன்னார் வீட்டில் இந்த எண்ணுள்ள தறி என்று எழுதி வைக்காவிட்டால், ஆண்டு முடிவில் சரிபார்க்கப் போகிறவர் எதைத் தேடிப் போவார்?

வாங்கிய தேதியும் பயன்பாட்டுக்கு வந்த தேதியும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். நம் இயந்திரம் 2025 ஆகஸ்டில் வந்து இறங்கியது. அடித்தளம் காய்ந்து பொருத்தி முடிய அக்டோபர் 1 ஆகிவிட்டது. வேலைக்கு ஆயத்தமான நாளிலிருந்தே தேய்மானம் தொடங்கும். அதற்கு முந்திய இரண்டு மாதமும் அது முடிவுறாத வேலையாகத் தனிக் கணக்கில் நிற்கும்.

நாடா, விழுது, அச்சு போன்று அடிக்கடி தேய்ந்து மாற்றப்படுபவை இப்பதிவேட்டில் இடம்பெற வேண்டியதில்லை; அவை அந்தந்த ஆண்டின் செலவு. நிலம் பதிவேட்டில் இருக்கும். ஆனால் அதற்குத் தேய்மானம் இல்லை. ஆகவே, கட்டடத்தோடு சேர்த்து வாங்கிய நிலத்தின் விலையைப் பிரித்துத் தனியே எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்று முறைகள்

நம் இயந்திரம் 10 ஆண்டு உழைக்கும், அதன்பின் 30,000 ரூபாய்க்கு விலைபோகும் என்று நிர்வாகக் குழு மதிப்பிடுகிறது. அடக்க விலையில் இந்த எஞ்சிய மதிப்பைக் கழித்தால் 4,50,000 ரூபாய். இதைப் பத்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆண்டுக்கு 45,000, மாதத்திற்கு 3,750. இது நிலைத் தவணை முறை. ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே அளவு உழைக்கும் இயந்திரத்திற்கும், கட்டடத்திற்கும், தறிக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, குறைந்து செல் மதிப்பு முறை. இதில் ஒவ்வோர் ஆண்டும் அடக்க விலையைக் கொள்ளாமல், மிஞ்சியிருக்கும் மதிப்பின்மீது ஒரு விழுக்காடு கழிக்கப்படுகிறது. 15 விழுக்காடு என்று கொண்டால் முதல் முழு ஆண்டில் 72,000. இரண்டாம் ஆண்டில் 61,200. மூன்றாம் ஆண்டில் 52,020 ரூபாய். தொடக்கத்தில் மிகுதியாகவும் போகப் போகக் குறைவாகவும் தேய்மானம் அமைகிறது. பழுதுச் செலவு பிற்காலத்தில் ஏறும் இயந்திரங்களுக்கு இம்முறையை விரும்புவார்கள். ஏனெனில் தேய்மானமும் பழுதும் சேர்ந்த மொத்தச் சுமை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறாது.

இம்முறையில் ஒரு பொறி உண்டு. பத்து ஆண்டு உழைக்கும் பொருளுக்குப் பத்து விழுக்காடு போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். நிலைத் தவணையில் எஞ்சிய மதிப்பு இல்லையெனில் அக்கணக்கு சரி. குறைந்து செல் மதிப்பில் அது முற்றிலும் தவறு. 4,80,000 ரூபாயில் ஆண்டுதோறும் மிஞ்சியதில் பத்து விழுக்காடு கழித்து வந்தால், பத்தாம் ஆண்டு முடிவில் ஏட்டில் 1,67,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். இயந்திரமோ 30,000 ரூபாய்தான் பெறும். 15 விழுக்காடு போட்டாலும் ஏறக்குறைய 94,500 ரூபாய் மிஞ்சும். பத்து ஆண்டில் 30,000 ரூபாயில் வந்து நிற்கவேண்டுமானால் விழுக்காடு ஏறக்குறைய 24.21 ஆக இருக்கவேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வாய்பாடு இது:

```
விழுக்காடு = (1 − (எஞ்சிய மதிப்பு ÷ அடக்க விலை)^(1 ÷ ஆண்டுகள்)) × 100
```

ஆகவே, குறைந்து செல் மதிப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் சங்கம், விழுக்காட்டைக் கையில் வந்தபடி எழுதாமல் ஆயுளின் இறுதி வரையில் கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, உழைப்பளவு முறை. விவசாயிகள் சங்கத்தின் அறுவடை இயந்திரம் ஆண்டில் சில வாரங்களே ஓடுகிறது. ஒரு போகத்தில் மிகுதி, மறு போகத்தில் குறைவு. அதன் அடக்க விலை 18,00,000, எஞ்சிய மதிப்பு 3,00,000, மொத்தம் 5,000 மணி நேரம் உழைக்கும் என்று கொண்டால், ஒரு மணிக்குத் தேய்மானம் 300 ரூபாய். இவ்வாண்டு 420 மணி ஓடியிருந்தால் 1,26,000 ரூபாய். வாடகைக்கு விடும் இயந்திரத்தின் மணி வாடகையை நிர்ணயிக்கவும் இந்த 300 ரூபாய் நேரடியாக உதவும். ஆனால், மணிக் கணக்கை ஒருவர் மீட்டரிலிருந்து பார்த்து எழுதியாக வேண்டும். நாட்காட்டியைப் பார்த்துத் தானாகப் பதியும் மென்பொருளால் இதை அறியமுடியாது.

வருமான வரிக்கு வேறு கணக்கு உண்டு. அங்கே ஒவ்வோர் இயந்திரமும் தனித்தனியே பார்க்கப்படுவதில்லை. ஒரே விழுக்காடுள்ள சொத்துக்கள் ஒரு தொகுதியாகச் சேர்க்கப்பட்டு, குறைந்து செல் மதிப்பில் தேய்மானம் அனுமதிக்கப்படுகிறது. வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்கு அவ்வாண்டு பாதி விழுக்காடே கிடைக்கும். சங்கத்தின் சொந்தக் கணக்கையும் வரிக் கணக்கையும் ஒன்றாகக் குழப்பாமல், ஒரே பதிவேட்டில் இரு வேறு தேய்மான அட்டவணைகளாக வைத்துக்கொள்வதே முறை. பேரேட்டில் ஏறவேண்டியது சங்கத்தின் அட்டவணை மட்டுமே.

தானாகப் பதிவது எப்படி?

மென்பொருள்கள் பலவாயினும் அவை செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றே. எவரும் விலையின்றிப் பெறக்கூடிய ERPNext என்ற இந்திய மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் சொத்து வகை ஒன்றை ஏற்படுத்தவேண்டும். திரையில் இதற்குப் பெயர் Asset Category. 'இயந்திரங்கள்' என்ற வகைக்கு மூன்று பேரேட்டுக் கணக்குகள் இணைக்கப்படுகின்றன. அடக்க விலை நிற்கும் இயந்திரக் கணக்கு ஒன்று. ஆண்டுச் செலவாகும் தேய்மானக் கணக்கு ஒன்று. இதுவரை கழித்தது எவ்வளவு என்று காட்டும் திரண்ட தேய்மானக் கணக்கு ஒன்று. இயந்திரத்தின் அடக்க விலையை நேரடியாகக் குறைத்து எழுதாமல், கழிவை இந்த மூன்றாவது கணக்கில் சேர்த்து வருவதால், என்ன விலைக்கு வாங்கினோம், இதுவரை எவ்வளவு தேய்ந்தது என்ற இரண்டும் ஐந்தொகையில் எந்நாளும் தெரியும்.

பிறகு சொத்தை அந்த வகையின்கீழ் பதிந்து, Calculate Depreciation என்ற கட்டத்தில் குறியிடவேண்டும். Available-for-use Date என்ற இடத்தில் 2025 அக்டோபர் 1 என்று தர வேண்டும். முறை நிலைத் தவணை, மாதம் ஒருமுறை, மொத்தம் 120 தவணை, எஞ்சிய மதிப்பு 30,000 என்று தந்து சொத்தை உறுதி செய்தால், மென்பொருள் 120 வரிகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்துவிடும். முதல் வரி அக்டோபர் 31, 3,750 ரூபாய், இரண்டாவது நவம்பர் 30, 3,750 ரூபாய், இப்படியே செல்லும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் குறிப்பேட்டுப் பதிவின் எண்ணுக்கு ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். இந்த வெற்றிடத்தில்தான் முழு ஏற்பாட்டின் சூட்சுமமும் இருக்கிறது.

கணக்கு அமைப்புகளில் Book Asset Depreciation Entry Automatically என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறி இருந்தால், மென்பொருளின் அன்றாட வேலைகளுள் ஒன்றாக அட்டவணைகள் எல்லாம் தேடப்படுகின்றன. தேதி வந்துவிட்டதா, பதிவு எண்ணுக்கான இடம் வெறுமையாக இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளே கேட்கப்படுகின்றன. இரண்டுக்கும் ஆம் என்றால் ஒரு குறிப்பேட்டுப் பதிவு எழுதப்படுகிறது. நம் இயந்திரத்திற்கு அது வருமாறு:

தேய்மானக் கணக்கு — பற்று 3,750 ரூபாய்.
திரண்ட தேய்மானம், இயந்திரங்கள் — வரவு 3,750 ரூபாய்.

பதிவு பேரேட்டில் ஏறியதும் அதன் எண் அட்டவணையின் வெற்றிடத்தில் எழுதப்பட்டுவிடும். மறுநாள் மீண்டும் தேடும்போது அந்த வரி வெறுமையாக இல்லாமையால் இரண்டாம் முறை பதிவாகாது. ஒரு நாள் மின்சாரம் இல்லாமல் கணினி நின்றிருந்தாலும் கவலையில்லை. தேதி கடந்தும் வெறுமையாக நிற்கும் வரி அடுத்த தேடலில் அகப்பட்டுவிடும். அப்போதும் பதிவின் தேதி அட்டவணைத் தேதியாகவே இருக்கும்.

மார்ச் 31 அன்று ஆறு வரிகள் பதிவாகியிருக்கும். தேய்மானச் செலவு 22,500 ரூபாய் லாப நஷ்டக் கணக்குக்குப் போகிறது. ஐந்தொகையில் இயந்திரம் 4,80,000, அதில் திரண்ட தேய்மானம் 22,500 கழிய, மீதம் 4,57,500 ரூபாய்.

இப்பதிவில் ரொக்கமோ பாங்குக் கணக்கோ எங்கும் வரவில்லை என்பதை நிர்வாகக் குழுவினர் மனத்தில் இருத்த வேண்டும். தேய்மானம் எழுதுவதால் லாபம் குறைந்து அவ்வளவு பணம் பங்கீடாகாமல் சங்கத்தில் தங்குகிறது, அவ்வளவுதான். அது நூல் கொள்முதலில் கரைந்து போகவும் கூடும். பத்தாம் ஆண்டில் புது இயந்திரம் வாங்கவேண்டுமானால் அதற்குச் சமமான தொகையைத் தனியே முதலீடு செய்துவர வேண்டும்.

மதிப்பீடு மாறினால்

மூன்று முழு ஆண்டுகள் ஓடியபின், இயந்திரம் மொத்தம் பத்து ஆண்டு தாங்காது, இன்னும் ஐந்து ஆண்டே உழைக்கும் என்று தெரியவருகிறது என்போம். அதுவரை கழித்தது 1,35,000. மீதம் 3,45,000 ரூபாய். எஞ்சிய மதிப்பு 30,000 போக 3,15,000 ரூபாயை ஐந்து ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 63,000, மாதத்திற்கு 5,250 ரூபாய். முன் பதிவான 36 வரிகளும் தொடப்படுவதில்லை. இனி வரவேண்டிய வரிகளே புதிதாக எழுதப்படுகின்றன. நிலைச் சொத்துக்களுக்கான இந்தியக் கணக்கியல் தரம் 10-இன் படி, ஆயுள் மதிப்பீடு மாறினாலும் தேய்மான முறை மாறினாலும் வருங்காலத்திற்கு மட்டுமே மாற்றம். பழைய ஆண்டுகளைத் திரும்பத் திறப்பதில்லை.

பேரேடும் பதிவேடும் ஒத்துவராதபோது

ஆண்டு முடிவில் ஒவ்வொரு வகைக்கும் இரண்டு தொகைகளை ஒப்பிட வேண்டும். பதிவேட்டின் அடக்க விலைக் கூட்டலும் பேரேட்டின் இயந்திரக் கணக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். அட்டவணைகளின்படி மார்ச் 31 வரை கழிந்திருக்கவேண்டிய கூட்டலும் பேரேட்டின் திரண்ட தேய்மானக் கணக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: சில அறிக்கைகள் பதிவேடு என்ற பெயரில் வந்தாலும் பேரேட்டிலிருந்தே தொகையை எடுத்துக் காட்டுகின்றன. பேரேட்டைப் பேரேட்டோடு ஒப்பிட்டால் எப்போதும் ஒத்துத்தான் வரும். ஆகவே அட்டவணையின் வரிகளையே கூட்டிப் பார்க்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நம் சங்கத்தின் மற்ற இயந்திரங்களின் திரண்ட தேய்மானம் மார்ச் 31 வரை 1,90,000 ரூபாய். புது இயந்திரத்தின் 22,500 சேர்த்து அட்டவணைகளின்படி 2,12,500. பேரேட்டில் நிற்பதோ 2,35,000 ரூபாய். வித்தியாசம் 22,500. எடுத்த எடுப்பிலேயே பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்காமல், அந்தத் தொகை எதை நினைவூட்டுகிறது என்று பார்க்கவேண்டும். அது புது இயந்திரத்தின் அவ்வாண்டுத் தேய்மானமேயன்றோ? மார்ச் மாதத்துப் பதிவுகளைப் பார்த்தால் விளங்கிவிடும். ஏட்டில் எழுதிய காலத்துப் பழக்கப்படி, ஆண்டுக் கடைசி நாளில் கணக்கர் புது இயந்திரத்திற்குத் தேய்மானத்தைக் கையால் ஒரே பதிவாக எழுதியிருக்கிறார். மென்பொருள் மாதந்தோறும் அதை முன்பே எழுதிவிட்டது. ஒரே தேய்மானம் இருமுறை ஏறி, சங்கத்தின் லாபம் 22,500 ரூபாய் குறைந்துவிட்டது. அவ்வாண்டு போனஸ் பெறவேண்டிய நெசவாளர்களுக்கு அது நேரடியான நஷ்டம்.

திருத்தும்போது எந்தப் பதிவை நீக்குவது என்பது முக்கியம். கையால் எழுதிய பதிவையே நீக்கவேண்டும். தானாக ஏறிய ஆறு பதிவுகளை நீக்கினால், அட்டவணையில் அவற்றின் இடம் மீண்டும் வெறுமையாகிவிடும்; அடுத்த தேடலில் மென்பொருள் அவற்றைத் திரும்ப எழுதிவிடும். நீக்கியது நீங்கவில்லையே என்று கணக்கர் திகைப்பார்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. பேரேட்டில் தொகை குறைவாக இருந்தால் அட்டவணையில் தேதி கடந்த வெற்றிடங்களைத் தேடவேண்டும். எல்லாச் சொத்துக்களுக்கும் ஒரே மாதத்திலிருந்து வெறுமையாக இருந்தால், தானாகப் பதியும் கட்டத்தில் குறி எடுக்கப்பட்டுவிட்டது, அல்லது மென்பொருளின் அன்றாட வேலையே நின்றுவிட்டது என்று பொருள். ஒரே ஒரு சொத்துக்கு மட்டும் வெறுமையாக இருந்தால் கோளாறு அந்தச் சொத்தின் பதிவில் இருக்கிறது. குறிப்பாக, கணக்கு முடித்துப் பூட்டப்பட்ட காலத்துத் தேதியில் எந்தப் பதிவும் ஏறாது. அக்டோபரில் பயன்பாட்டுக்கு வந்த இயந்திரத்தை, அக்டோபர் கணக்கைப் பூட்டியபின் ஜனவரியில் பதிவேட்டில் சேர்த்தால் இந்த இடையூறு நேரும். பூட்டைத் திறக்க அதிகாரம் பெற்றவரைக் கொண்டு திறந்து, அட்டவணையின் வரியிலிருந்தே பதிவை எழுதச் செய்து, மீண்டும் பூட்டவேண்டும். பேரேட்டில் மட்டும் கையால் எழுதினால் வெற்றிடம் அப்படியே நிற்கும். என்றாவது பூட்டு திறந்தால் அது இருமுறை ஏறிவிடும்.

ஏட்டுக் கணக்கிலிருந்து கணினிக்கு மாறும் ஆண்டிலும் ஒரு சிக்கல் வருகிறது. பழைய சொத்தைப் பதிவேட்டில் சேர்க்கும்போது அதுவரை கழிந்த தேய்மானத்தைக் குறிப்பிட ஓர் இடம் உண்டு. அங்கே எழுதுவது வரவிருக்கும் தவணைகளைக் கணக்கிட மட்டுமே பயன்படும், பேரேட்டில் ஏறாது. பேரேட்டின் தொடக்க இருப்பில் அதே தொகையைத் தனியே எழுதவேண்டும். இதை மறந்தால் முதல் ஆண்டிலேயே பேரேடு பெருந்தொகை குறைந்து நிற்கும்.

விற்கும்போது

ஆயுள் மதிப்பீடு மாறாமல் ஆறு ஆண்டுகள் ஓடிய பிறகு சங்கம் இந்த இயந்திரத்தை 1,85,000 ரூபாய்க்கு விற்றுவிடுகிறது என்று கொள்வோம். 72 மாதத்துத் தேய்மானம் 2,70,000 ரூபாய். ஏட்டு மதிப்பு 2,10,000. ஆகவே நஷ்டம் 25,000 ரூபாய். பதிவு இவ்வாறு அமையும்: பாங்குக் கணக்கு பற்று 1,85,000, திரண்ட தேய்மானம் பற்று 2,70,000, சொத்து விற்பனை நஷ்டம் பற்று 25,000, இயந்திரக் கணக்கு வரவு 4,80,000 ரூபாய்.

வந்த பணத்தைச் சில்லறை வரவில் எழுதிவிட்டுப் பதிவேட்டைத் தொடாமல் விடும் சங்கங்கள் உண்டு. அப்போது 1,85,000 ரூபாய் முழுதும் லாபமாகத் தோன்றும். விற்ற இயந்திரத்திற்கு மாதந்தோறும் 3,750 ரூபாய் தேய்மானம் மேலும் ஏறிக்கொண்டே இருக்கும். மென்பொருளுக்கு இயந்திரம் இருக்கிறதா போயிற்றா என்று பார்க்கக் கண் இல்லை. அட்டவணையில் வரி இருக்கும் வரையில் அது எழுதும். ஆகவே, விற்பனையைச் சொத்தின் பதிவிலிருந்தே தொடங்கி எழுதவேண்டும். அப்போதுதான் மீதமுள்ள வரிகள் நீங்கும்.

இதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கும் கிடங்குக்கும் அங்கத்தினர் வீடுகளுக்கும் நேரில் சென்று எண்களைச் சரிபார்க்கவேண்டும். இரு வழியாகவும் பார்ப்பது நன்று. பதிவேட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எங்கே நிற்கிறது என்று தேடினால், விற்றும் உடைந்தும் போனவை தெரியவரும். கண்ணில் படும் ஒவ்வொரு தறியும் இயந்திரமும் பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்தால், செலவில் எழுதப்பட்டுச் சொத்தில் சேராமற் போனவை தெரியவரும். சரிபார்த்த தேதியும், பார்த்த இருவர் கையொப்பமும் பதிவேட்டில் இருந்தால், தணிக்கையாளர் கேட்கும்போது காரியதரிசி தயக்கமின்றி ஏட்டை எடுத்து நீட்டலாம்.